நள்ளிரவு ஜாப் எவ்வளவு நேரம் ஓடியது?

வங்கிக் கிளையின் ஷட்டர் மாலையில் இறங்கிவிடுகிறது. ஆனால் வங்கியின் அன்றைய நாள் அதோடு முடிவதில்லை. நள்ளிரவை ஒட்டி அதன் கணினி மையத்தில் ‘டே எண்ட்’ எனப்படும் வேலைத்தொடர் ஆரம்பிக்கிறது. அன்றைய வரவு செலவைச் சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு சேமிப்புக் கணக்குக்கும் அன்றைய இருப்பின் மேல் வட்டி கணக்கிட வேண்டும், தவணை தவறிய கடன்களைப் பிரித்து அடையாளமிட வேண்டும், பொதுப் பேரேட்டைச் சமன்செய்ய வேண்டும், கடைசியில் மறுநாள் தேதியைத் திறந்துவிட வேண்டும். இவற்றை யாரும் திரை முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிவிடுவதில்லை. எது முடிந்தால் எது தொடங்க வேண்டும் என்பதை ஷெட்யூலர் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. இப்படி மொத்தமாகச் சேர்த்துவைத்து ஒரே ஓட்டமாக முடிக்கும் வேலைக்குப் பேட்ச் ஜாப் என்று பெயர்.

இந்த வேலைக்கு இருக்கும் நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் இரவு பகலாக நடக்கிறது. ஓராண்டு கழித்து ஆர்டிஜிஎஸ்ஸும் அப்படியே ஆனது. 2021 ஆகஸ்ட் 1 முதல் சம்பளமும் கடன் தவணையும் போய்வரும் நாச் வசதி ஞாயிறு, விடுமுறை என்று பாராமல் எல்லா நாளும் இயங்குகிறது. முன்பெல்லாம் வெள்ளி இரவு ஏதாவது இழுத்தடித்தால் ஞாயிறு சரிசெய்துகொள்ளலாம். இப்போது அந்த ஓய்வு இல்லை. செய்ய வேண்டிய வேலையோ கூடியிருக்கிறது. 2010 ஏப்ரலுக்கு முன்னால் சேமிப்புக் கணக்கில் மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரையிலான மிகக் குறைந்த இருப்புக்கு மட்டும் வட்டி தந்தார்கள். இப்போது ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி உண்டு. கடன் கணக்கு வாராக்கடன் வகைக்குப் போகிறதா என்பதையும் அந்தந்த நாளின் முடிவில் தீர்மானிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்திவிட்டது.

குறித்த நேரத்துக்குள் இந்த வேலை முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் மிசுஹோ வங்கியைச் சொல்லலாம். 2011 மார்ச் 11 பூகம்பத்துக்குப் பிறகு நிவாரண நன்கொடை ஒரு கணக்கில் வந்து குவிந்தது. ஒரு கணக்கில் ஒரு நாளில் இத்தனை பரிவர்த்தனைதான் கையாளலாம் என்று கணினியில் ஒரு வரம்பு இருந்தது. நன்கொடை அதைத் தாண்டியதும் இரவு பேட்ச் பாதியில் நின்றது. விடியும்வரை போராடியும் முடியவில்லை. மிச்சம் மறுநாள் இரவின் தலையில் விழுந்தது, அந்த இரவும் முடியாமல் போனது. மார்ச் 19 முதல் 21 வரை வந்த மூன்று நாள் விடுமுறையில் ஏடிஎம் சேவையையே நிறுத்திவைத்துத்தான் குவிந்த வேலையைக் கரைக்கப் பார்த்தார்கள். ஓர் இரவின் கடன் அடுத்த இரவுக்கு வட்டியோடு போகும் என்பதுதான் பேட்ச் வேலையின் குணம்.

மிசுஹோவில் நடந்தது ஒரே நாளில் வந்த வெள்ளம். அதைவிட அதிகமாக நடப்பதும், யார் கண்ணிலும் படாமல் நடப்பதும் வேறு ஒன்று. ஜாப் எந்த இரவும் தோற்காது. நேற்றைவிட அரை நிமிடமோ கால் நிமிடமோ கூடுதலாக எடுத்துக்கொண்டு முடியும். ஷிஃப்ட் மாறும்போது அனுப்பும் மின்னஞ்சலில் தினமும் ஒரே வரிதான் இருக்கும்: `EOD completed. No issues.` அதில் பொய்யும் இல்லை. அந்த வரி மூன்று மாதம் அப்படியே வந்து, ஒருநாள் காலை ஆறு மணிக்கு வராமல் போகும்.

இதை எப்படி முன்கூட்டியே பிடிப்பது? ஒரு நடுத்தர வங்கியை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் கணினி மையத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

அந்த வங்கிக்கு 20 லட்சம் சேமிப்புக் கணக்குகள். டே எண்ட் இரவு 11.30-க்குத் தொடங்கும். காலை ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்து புதிய தேதி திறந்தாக வேண்டும். சாதாரண நாளில் 3.40-க்கு முடிந்துவிடும். கையில் இரண்டு மணி இருபது நிமிடம் மிச்சம். மாதக் கடைசி நாளில் வேலை அதிகம், 5.15 ஆகிவிடும். அப்போது மிச்சம் முக்கால் மணிதான். தொடரில் நீளமானது வட்டி கணக்கிடும் ஜாப். சாதாரண இரவில் அது சுமார் 49 நிமிடம் ஓடும். மாதக் கடைசியில் மாதம் முழுவதற்குமாகத் தொகுப்பதால் ஏறத்தாழ இரு மடங்கு எடுத்துக்கொள்ளும்.

இதைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லாமல் இல்லை. ஜாப் இத்தனை நிமிடத்தைத் தாண்டினால் மணி அடி என்று எல்லா ஷெட்யூலரிலும் சொல்லிவைக்கலாம். ஆட்டோசிஸ் என்ற ஷெட்யூலரில் அதற்கு `max_run_alarm` என்ற வரி இருக்கிறது. சிக்கல் அதில் என்ன எண்ணைப் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. முதலில் 90 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். முதல் மாதக் கடைசியிலேயே மணி அடித்து, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பியிருக்கும். அவர் எழுந்து பார்த்து, இது மாதக் கடைசியில் வழக்கம்தானே என்று எரிச்சலோடு 150 ஆக்கியிருப்பார். அன்றிலிருந்து சாதாரண நாளில் அந்த மணிக்கு வேலை இல்லை. 49 நிமிட ஜாப் மூன்று மடங்கு ஆனால்தான் அது வாய் திறக்கும்.

இன்னொரு ஏற்பாடு இதைவிடப் புத்திசாலித்தனமாகத் தெரியும். கடைசி இருபது இரவுகளின் சராசரியைவிட 25 சதவீதம் கூடினால் மணி அடி என்பது. பல ஷெட்யூலர்கள் இந்தச் சராசரியைத் தாமாகவே போட்டுக்கொள்ளும். திடீரென்று ஓர் இரவில் எகிறினால் இது நன்றாகப் பிடிக்கும். ஆனால் மெதுவாக ஏறுவதை இதனால் பார்க்கவே முடியாது. வாரத்துக்கு ஒன்றேகால் நிமிடம் ஏறுகிறது என்றால் இருபது இரவுச் சராசரியும் கூடவே ஏறும். இன்றைய ஓட்டம் அந்தச் சராசரியைவிட இரண்டு மூன்று நிமிடம்தான் அதிகமாக இருக்கும். 25 சதவீதம் வர வேண்டுமென்றால் 12 நிமிடத்துக்கு மேல் வேண்டும். ஆகவே இந்த மணி ஒருநாளும் அடிக்காது. ஒப்பிட நகராத ஒரு புள்ளி வேண்டும். ‘ஏப்ரல் இரண்டாம் வாரம், எல்லாம் நலமாக இருந்தபோது இவ்வளவு’ என்று ஒரு எண்ணை எழுதி அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும்.

எழுதிவைப்பதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி போதும்.

```
business_date,job,start,end,minutes,rows,rc
2025-04-08,INTACCR,00:40,01:29,49,2000000,0
2025-06-16,INTACCR,00:42,01:43,61,2040000,0
```

முதலில் இருப்பது வங்கித் தேதி, நாட்காட்டித் தேதி அல்ல. ஜாப் நள்ளிரவு தாண்டி ஓடுவதால் கடிகாரப்படி அது மறுநாள். கணினியின் தேதியை அப்படியே எடுத்துக்கொண்டால், ஓர் இரவு 11.55-க்குத் தொடங்கியதும் அடுத்த இரவு 12.05-க்குத் தொடங்கியதும் வெவ்வேறு நாள் கணக்கில் விழுந்து, ஒரு நாளுக்கு இரண்டு ஓட்டம், இன்னொரு நாளுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். மாதக் கடைசி நாள் எது என்பதே குழம்பிப்போகும். தொடக்கமும் முடிவும் இரண்டும் வேண்டும். முடிந்த நேரத்தை மட்டும் பார்த்தால், முன்னால் இருக்கும் ஜாப் தாமதமானதா, இந்த ஜாப்பே மெதுவானதா என்று தெரியாது. தொடக்கம் என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு கோப்பு வருவதற்காகவே ஜாப் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு அதையும் ஓடிய நேரத்தில் சேர்த்துக்கொண்டால், வேறு யாரோ கோப்பைத் தாமதமாக அனுப்பியது இதன் தலையில் விழும். கடைசியாக, எத்தனை கணக்குகளுக்கு வேலை செய்தது என்ற எண்ணிக்கை. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். பிறகு தேவைப்படுவதும் இதுதான்.

வாரம் ஒருமுறை, திங்கள் முதல் வெள்ளி வரையிலான ஐந்து இரவுகளை எடுத்து வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் 48, 49, 47, 50, 58 என்று இருந்தது. வெள்ளி இரவு பேக்கப் இழுத்ததால் அந்த 58. சராசரி போட்டால் அந்த ஒற்றை இரவு எண்ணை 50-க்கு மேல் தூக்கிவிடும். நடு எண் 49, அதற்கு வெள்ளியைப் பற்றிக் கவலை இல்லை. மாதக் கடைசி இரவுகளை இதில் கலக்கவே கூடாது, அவற்றுக்குத் தனி ஏடு. வீட்டு மின்கணக்கு அட்டையில் மே மாத யூனிட்டை ஜனவரியோடு ஒப்பிட்டு யாரும் மீட்டரைக் குறை சொல்வதில்லை, போன மே மாதத்தோடுதான் ஒப்பிடுவார்கள். அது போலத்தான் இதுவும்.

அந்த ஏட்டில் வாரா வாரம் விழுந்த எண்கள் இவை: 49, 50, 51, 53, 54, 55, 56, 57, 59, 60, 61. எந்த இரண்டு வாரத்தைப் பக்கத்தில் வைத்தாலும் ஒன்று அல்லது இரண்டு நிமிட வித்தியாசம்தான். அதற்காக யாரையும் கூப்பிட முடியாது. பதினொன்றையும் ஒரு தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால்தான் ஒரு கோடு தெரிகிறது. அது ஒரு வாரம்கூட இறங்கவில்லை. வாரத்துக்கு 1.2 நிமிடம் ஏறுகிறது.

உடனே வரும் பதில் ஒன்று உண்டு: “கணக்கு ஜாஸ்தியாயிருக்கும், அதான்.” இங்கேதான் எண்ணிக்கை கைகொடுக்கிறது. ஏப்ரலில் 20 லட்சம் கணக்குக்கு 49 நிமிடம், லட்சத்துக்கு 2.45. ஜூனில் 20 லட்சத்து 40 ஆயிரம் கணக்குக்கு 61 நிமிடம், லட்சத்துக்கு 2.99. கணக்குகள் இரண்டு சதவீதம் கூடின, நேரம் 24 சதவீதம் கூடிற்று. வாடிக்கையாளர்கள் மேல் பழி போட வழியில்லை. லட்சத்துக்கான நேரம் அப்படியே இருந்து மொத்த நேரம் மட்டும் ஏறியிருந்தால் வங்கி வளர்கிறது, கணினியின் திறனைக் கூட்டு என்று பொருள். லட்சத்துக்கான நேரமே ஏறினால் உள்ளே ஏதோ கெட்டுப்போகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. கோட்டின் ஏற்றத்தை மட்டும் பார்த்துப் புது சர்வருக்குப் பணம் கேட்டவர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

அடுத்த கேள்வி, எப்போது முட்டும்? சாதாரண இரவை வைத்துக் கணக்குப் போட்டால் பதற ஒன்றுமில்லை. 3.40-க்கு முடிந்தது இப்போது 3.52-க்கு முடிகிறது. ஆறு மணிக்கு இன்னும் 128 நிமிடம் இருக்கிறது. வாரத்துக்கு 1.2 என்றால் இரண்டு வருடம் தாங்கும். மேலாளரிடம் இதைக் கொண்டுபோனால் அவர் தேநீர் குடித்துக்கொண்டே தலையாட்டுவார். நியாயம்தான்.

மாதக் கடைசி ஏட்டைத் திறந்தால் கதை மாறுகிறது. அதில் இரண்டே வரிகள்தான். ஏப்ரல் 30-இல் ஜாப் 106 நிமிடம் ஓடியது, தொடர் 5.15-க்கு முடிந்தது. மே 31-இல் 117 நிமிடம், 5.26. சாதாரண இரவில் ஒரு நிமிடம் ஏறினால் மாதக் கடைசியில் இரண்டு நிமிடம் ஏறும் என்பது இதிலிருந்து தெரிகிறது. வாரத்துக்கு 2.4. ஆக ஜூன் 30-இல் 127 நிமிடம் ஓடும், தொடர் 5.36-க்கு முடியும். இன்னும் 24 நிமிடம் மிச்சம்.

ஆனால் ஜூன் 30 வெறும் மாதக் கடைசி அல்ல, காலாண்டின் கடைசி. தினமும் கணக்கிட்டுச் சேர்த்துவைத்த சேமிப்பு வட்டியைக் கணக்குகளில் உண்மையாகவே வரவு வைக்கும் இரவு அது. டிசம்பர் 31 இரவின் பதிவைப் புரட்டினால் அந்தக் கூடுதல் வேலைக்கு 30 நிமிடம் ஆகியிருக்கிறது. 5.36-உடன் முப்பது சேர்த்தால் 6.06. சாதாரண நாளில் இரண்டு மணி நேரம் மிச்சம் வைத்துக்கொண்டு முடிகிற அதே தொடர், ஜூலை 1 காலையில் ஆறு நிமிடம் தவறப்போகிறது. மார்ச் 31 என்றால் மறுநாள் ஆண்டுக் கணக்கு முடிப்புக்காகக் கிளைகள் மக்களுக்குத் திறந்திருக்காது, கொஞ்சம் மூச்சு விடலாம். ஜூலை 1-க்கு அந்தச் சலுகை கிடையாது. இதை எழுதிப் பார்த்த தேதி ஜூன் 17. பதின்மூன்று நாள் இருக்கிறது.

இரண்டே புள்ளியை வைத்துக் கோடு போடலாமா என்று புள்ளியியல் படித்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். மாதக் கடைசி வருடத்துக்குப் பன்னிரண்டு முறை, காலாண்டு நான்கு முறை. அவை மட்டும் போதுமான அளவு சேரக் காத்திருந்தால் வருடக்கணக்காகும். அதனால் ஏற்றத்தின் வேகத்தைச் சாதாரண இரவுகளிலிருந்து எடுத்துக்கொண்டு, இரு மடங்கு என்ற விகிதத்தை மட்டும் மாதக் கடைசியில் சரிபார்க்கிறோம். 6.06 என்பது ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். ஆனால் ஆறு மணிக் கெடுவுக்கு இவ்வளவு பக்கத்தில் போய் நிற்கிறது என்பதே செயலில் இறங்கப் போதுமான காரணம். ஒரு ஜாப்பின் கதையை வைத்துத் தொடரின் முடிவைச் சொல்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. வட்டி ஜாப் முடியாமல் அடுத்தது தொடங்காது என்பதால்தான் இந்தக் கணக்கு செல்லும். பக்கவாட்டில் தனியாக ஓடி, யாரையும் காக்கவைக்காத ரிப்போர்ட் ஜாப் ஒன்று இரண்டு மடங்கு மெதுவானாலும் காலை ஆறு மணிக்கு அதனால் பாதகமில்லை. நூற்றுக்கணக்கான ஜாப்களில் கெடுவைத் தொடும் சங்கிலியில் உள்ள பத்துப் பதினைந்தை மட்டும் பார்த்தால் போதும் என்பது இதனால்தான்.

காரணத்தைத் தேடும்போது கோட்டின் வடிவமே பாதி வழி காட்டுகிறது. ஒரு வாரம்வரை மட்டமாக இருந்து, ஒரு குறிப்பிட்ட இரவில் படிபோல எகிறி, மறுபடி மட்டமாகப் போனால், அன்று யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். புதிய மென்பொருள் பதிப்பு ஏறியிருக்கும், ஒரு இண்டெக்ஸ் விடுபட்டிருக்கும், அல்லது டேட்டாபேஸ் தன் வசதிக்கு வேறு வழியில் தேட ஆரம்பித்திருக்கும். அந்தத் தேதியின் மாற்றப் பதிவேட்டைத் திறந்தால் ஆள் அகப்படுவார். ஏற்றமே இல்லாமல் எண்கள் மட்டும் மேலும் கீழும் சிதறத் தொடங்கினால், வேறு ஏதோ ஒரு வேலை இதே நேரத்தில் இதே டிஸ்க்குக்குப் போட்டிபோடுகிறது. நம்முடையது இரண்டும் இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒரே சீரான ஏற்றம். சீரான ஏற்றம் என்றால் தினமும் ஒரே அளவில் ஏதோ சேர்ந்துகொண்டிருக்கிறது.

அந்த ஜாப் படிக்கும் அட்டவணைகளில் தினமும் ஒரே அளவில் சேர்வது ஒன்றுதான். ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அன்றைய இருப்பைக் குறித்துவைக்கும் தினசரி இருப்பு அட்டவணை. நாளுக்கு 20 லட்சம் வரிகள். சுமார் ஆறு மாதத்துக்கான வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பழையவற்றை வேறிடத்துக்கு மாற்றி அழிக்க ஒரு துப்புரவு ஜாப் உண்டு. ஆபரேஷன்ஸ் பிரிவில் இருக்கும் பெண் டேட்டாபேஸ் அதிகாரியைக் கூப்பிட்டார்.

“சார், பழைய பேலன்ஸ் எல்லாம் பர்ஜ் பண்ற ஜாப் தினமும் ஓடுதா?”

“ஓடணுமேம்மா. காலைல ஓடும்.”

“ஆன் ஹோல்டுன்னு காட்டுது சார். ஏப்ரல் 7-லேர்ந்து.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. “ஆடிட்காரங்க டேட்டாவைத் தொடாதீங்கன்னு கேட்டாங்க, அதுக்காக நிறுத்தினது. அவங்க போயி ஒரு மாசம் ஆச்சே… யாரும் எடுத்து விடலையா?”

யாரும் எடுத்து விடவில்லை. ஹோல்டில் இருக்கும் ஜாப் தோற்பதில்லை, அதனால் எந்தச் சிவப்புப் பட்டியலிலும் வருவதில்லை. எழுபது நாளில் 14 கோடி வரிகள் கூடிவிட்டன. 36 கோடி இருந்த இடத்தில் 50 கோடி. வட்டி ஜாப்பின் 49 நிமிடத்தில் 30 நிமிடம் இந்த அட்டவணையை முழுக்க வாசிக்கப் போகிறது, 19 நிமிடம் கணக்குப் போட்டு எழுதப் போகிறது. 30 நிமிட வாசிப்பு 36-க்கு 50 என்ற விகிதத்தில் ஏறினால் ஏறத்தாழ 42. அதோடு 19 சேர்த்தால் 61. எண் அப்படியே பொருந்துகிறது. காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்வதற்கு முன்னால் இந்தப் பொருத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். கண்ட காரணம் நான்கு நிமிடத்தைத்தான் விளக்குகிறது என்றால், மீதி எட்டு நிமிடத்துக்கு இன்னொருவன் ஒளிந்திருக்கிறான்.

ஹோல்டை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தால் அன்றிரவே வேறு தொல்லை வரும். தினமும் 20 லட்சம் வரிகளை அழித்துப் பழகிய ஜாப் ஒரே நாளில் 14 கோடியைத் தொட்டால், அழிப்பதைப் பதிவுசெய்யும் லாக் கோப்புகள் டிஸ்க்கை நிரப்பி டேட்டாபேஸையே நிறுத்திவிடக்கூடும். அதனால் 50 ஆயிரம் வரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையும் முடிந்ததும் உறுதிசெய்து, நாளுக்கு இரண்டு கோடிக்கு மிகாமல், நடமாட்டம் குறைந்த நேரத்தில் அழித்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

இதற்குள் ஏட்டில் விழுந்த எண் எல்லோரையும் திகைக்கவைத்தது. பத்துக் கோடிக்கு மேல் வரிகள் போன பிறகும் ஜாப் 61 நிமிடமே ஓடியது. ஆரக்கிள் போன்ற டேட்டாபேஸில் வரிகளை அழித்தால் இடம் காலியாகுமே தவிர அட்டவணையின் எல்லை உள்வாங்காது. முழு அட்டவணையையும் வாசிக்கும் ஜாப், ஒருகாலத்தில் வரிகள் இருந்த கடைசி இடம்வரை காலிப் பக்கங்களையும் சேர்த்தே வாசித்துக்கொண்டு போகும். அழித்த பிறகு அட்டவணையைச் சுருக்கவும் வேண்டும். ஒரு சனிக்கிழமை பிற்பகல் அதைச் செய்தார்கள். ஞாயிறு இரவு ஜாப் 50 நிமிடத்தில் முடிந்தது. அந்த ஏடு இல்லாமல் இருந்திருந்தால், அழித்தாயிற்று என்ற நிம்மதியில் ஜூன் 30 வரை போயிருப்பார்கள்.

பதிவேடு வைத்துக்கொண்டால் எதிர்த்திசையிலும் ஒரு கண் வைக்கலாம். 49 நிமிட ஜாப் ஒருநாள் இரண்டு நிமிடத்தில் முடிந்து ‘வெற்றி’ என்று காட்டினால் சந்தோஷப்படக் கூடாது. உள்ளே வந்த கோப்பு காலியாக இருந்திருக்கும், பூஜ்யம் கணக்குக்கு வட்டி போட்டுவிட்டு நல்லபடியாக வெளியே வந்திருக்கும். இதற்கு ஆட்டோசிஸில் `min_run_alarm` என்ற வரி உண்டு, பயன்படுத்துபவர்கள்தான் குறைவு. இது பல வாரப் போக்கு அல்ல, ஓர் இரவு விஷயம். அதே இரவில் பிடிக்காவிட்டால் மறுநாள் வாடிக்கையாளர் பிடிப்பார்.

ஜூன் 30 இரவு வட்டி ஜாப் 98 நிமிடம் ஓடியது. தொடர் 5.37-க்கு முடிந்தது. கெடுவுக்கு 23 நிமிடம் மிச்சம். துப்புரவு ஒழுங்காக நடந்து, எதுவும் கெட்டுப்போகாத நிலையிலேயே காலாண்டு இரவுக்கு இருக்கும் இடைவெளி அவ்வளவுதான். வருடத்துக்குச் சில லட்சம் கணக்குகள் கூடினாலே அது கரைந்துவிடும். அதனால் ஜூலை முதல் வாரத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. காலை ஆறு மணிக்குள் யாரும் படிக்காத கிளைவாரி அறிக்கைகள், தொடரின் நடுவில் நின்றுகொண்டு மாதக் கடைசியில் நாற்பது நிமிடம் தின்கின்றன. அவற்றைச் சங்கிலியிலிருந்து கழற்றி, புதிய தேதி திறந்த பிறகு ஓடவிடலாமா? கணக்குப் பிரிவின் சம்மதம் வேண்டும். செப்டம்பர் 30-க்கு முன்னால் அது வந்தாக வேண்டும்.